இரண்டு மணித்தியால ரெக்கோர்டிங்கில் பரீட்சைக்கு வேண்டியது எவ்வளவு?



வெள்ளவத்தையில் டியூஷன் போகும் பிள்ளைகளின் ஃபோன்களில் இப்போது பாடக் குறிப்பை விட ஸூம் ரெக்கோர்டிங்தான் அதிகம். பரீட்சை நெருங்கியதும் அதை முதலிலிருந்து கேட்டு, சேர் சொன்ன கதை உட்பட எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். இல்லாவிட்டால் கதை வரும் இடமெல்லாம் தாண்டிவிடுகிறார்கள். இரண்டுமே பிழை என்பது ஆசிரியர்களாகிய எங்கள் கருத்து.

போன வாரம் சாதாரண தர மாணவர் சிலரோடு இருந்து, டொனமூர் அரசியல் யாப்பு பற்றிய ஒரு ரெக்கோர்டிங்கைக் கேட்டோம். கேட்பதற்கு முன் கடந்தகால வினாத்தாள்களைப் பார்த்து மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டோம். யாருக்கு வாக்குரிமை கிடைத்தது? அரசாங்க சபை எப்படி அமைந்தது? நிர்வாகக் குழுக்களின் வேலை என்ன? ஒவ்வொன்றுக்கும் கீழே இடம் விட்டோம்.

முதல் தடவை வேகத்தைக் கூட்டி ஓடவிட்டு, பேச்சு மாறும் நிமிடத்தை மட்டும் குறித்தோம். இரண்டாம் தடவை அந்த மூன்று கேள்விகளுக்கும் பொருந்திய துண்டுகளை மட்டும் நிதானமாகக் கேட்டு எழுதினோம்.

நடுவில் சேர் நீண்ட கதையொன்று சொன்னார். அந்தக் காலத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் வாக்குப் பெட்டி இருந்ததாம். பிள்ளைகள் தாண்டப் பார்த்தார்கள். நாங்கள் நிறுத்தி, "ஏன் நிறம்?" என்று கேட்டோம். வாசிக்கத் தெரியாதவர்களும் வாக்களித்ததால்தான். 1931இல் கல்வி, சொத்துத் தகைமை இல்லாமல் 21 வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது என்ற விடை அந்தக் கதைக்குள்தான் இருந்தது. கதையை விட்டோம், அது எதற்காகச் சொல்லப்பட்டதோ அந்த ஒரு வரியை எழுதினோம்.

இன்னொன்று. சேர் ஓரிடத்தில் உறுப்பினர் 58 என்றார், இன்னோரிடத்தில் 61 என்றார். ஒரு பிள்ளை 58 என்றே எழுதிவிட்டது. தெரிவானோர் 50, ஆளுநர் நியமித்தோர் 8, அரச அதிகாரிகள் 3, மொத்தம் 61. மூன்று அதிகாரிகளை விட்டால்தான் 58 வரும். வாயால் சொல்லும் எண் இப்படித் தடுமாறும். ஆகவே எண்ணையும் ஆண்டையும் அரசாங்கப் பாடநூலோடு ஒப்பிடாமல் குறிப்பில் ஏற்றக்கூடாது.

கடைசியில் மிஞ்சியது அரைப் பக்கம்தான். அதை மூடிவைத்துவிட்டு மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதச் சொன்னோம். நிர்வாகக் குழுக்கள் 7 என்று எல்லோரும் எழுதினார்கள். அவற்றின் தலைவர்களே அமைச்சர்களானார்கள் என்பதை இருவர் விட்டிருந்தார்கள். அந்தத் துண்டை மட்டும் திரும்பக் கேட்டார்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வேறொரு பிள்ளை சுருக்கிய குறிப்பை வட்ஸ்அப்பில் வாங்கிக் கொடுக்காதீர்கள். எதை விடுவது, எதை வைப்பது என்று முடிவெடுக்கும்போதுதான் பாடம் மனதில் பதிகிறது. அந்த வேலையைப் பிள்ளையே செய்யட்டும்.