விசில் சத்தமும் கோல் கோடும்

உங்கள் பள்ளியில் கால்பந்துப் போட்டி நடந்தால், மைதானத்தைச் சுற்றி எத்தனை பெற்றோர் கைபேசியும் கையுமாக நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அத்தனை பேர் எடுத்த துண்டுப் படங்களையும் வாங்கி, வெட்டி ஒட்டி, பத்து நிமிடத் தொகுப்பாக்கும் வேலையை எங்கள் ஊர் மாணவர்கள் சிலர் மேற்கொண்டார்கள். நானும் உடன் உட்கார்ந்தேன். ஆட்டத்தில் ஒரு சர்ச்சை இருந்தது. பந்து கோலின் மேல்கம்பத்தில் பட்டு, கீழே விழுந்து, வெளியே துள்ளியது. நடுவர் கோல் தரவில்லை. "மெதுவாக ஓட்டிக் காட்டினால் கோல் என்று தெரிந்துவிடும், சார்" என்றான் ஒரு மாணவன். இதைப் பற்றித்தான் எனக்கு ஒரு கருத்து உண்டு.

முதலில் படங்களை ஒரே நேரத்துக்குப் பொருத்த வேண்டும். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக வந்த வீடியோவில் படம் எடுத்த நேரம் அழிந்துவிடுகிறது, படமும் நசுங்கிவிடுகிறது. கோப்பாக அனுப்பச் சொல்லியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே எல்லாப் படத்திலும் கேட்கும் நடுவரின் விசிலை வைத்துப் பொருத்தினோம். வெட்டிப் பார்த்தால் வேடிக்கை! தூரத்துக் கேமராவில் உதைபட்ட பந்து, கோலுக்குப் பின்னாலிருந்த கேமராவுக்கு மாறியதும் மறுபடி காலடியில் வந்து நிற்கிறது. இரண்டாம் முறை உதைபடுகிறது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. கைபேசி பொதுவாக வினாடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. எனவே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஒலி கடக்கும் தூரம் 11 மீட்டர்தான். நடுவரிடமிருந்து ஒரு தாய் 15 மீட்டரிலும், ஒரு தந்தை 60 மீட்டரிலும் நின்றார்கள். வித்தியாசம் 45 மீட்டர், அதாவது 4 படங்கள். ஒளிக்கு இந்தத் தாமதம் இல்லை. ஆகவே விசிலால் தோராயமாகப் பொருத்திவிட்டு, கால் பந்தைத் தொடும் படத்தைக் கண்ணால் தேடி, அதை வைத்துத் திருத்தினோம். சரியாகிவிட்டது.

இனி அந்தக் கோலுக்கு வருவோம். விதிப்படி பந்து முழுவதும் கோட்டைத் தாண்ட வேண்டும். பந்தின் விட்டம் 22 செ.மீ. கோட்டின் அகலம் அதிகபட்சம் 12 செ.மீ. பந்து கோட்டைத் தொடத் தொடங்கியதிலிருந்து முழுவதும் தாண்ட 34 செ.மீ. நகர்ந்தால் போதும். நன்றாக உதைத்த பந்து வினாடிக்கு 20 மீட்டர் பறக்கும். இரண்டு படங்களுக்கு நடுவில் 67 செ.மீ. போய்விடும். அதாவது, ஒரு படத்தில் கோட்டுக்கு முன்னால் தெரியும் பந்து, கோட்டைத் தாண்டி ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்த் திரும்பி, அடுத்த படத்தில் மறுபடி முன்னால் தெரியக்கூடும்! நடுவில் நடந்ததற்குக் கேமராவிடம் சாட்சியே இல்லை.

கால் பங்கு வேகத்தில் ஓட்டினால் ஒவ்வொரு படமும் நான்கு முறை வருகிறது; படம் விட்டு விட்டுக் குதிக்கிறது. அது பொறுக்காமல் ஒரு மாணவன் வெட்டும் மென்பொருளில் Optical Flow என்பதைத் தேர்ந்தெடுத்தான். பந்து வெண்ணெய்போல் வழுக்கிச் சென்றது. கோட்டைத் தாண்டவே இல்லை! எல்லோர் முகமும் வாடிவிட்டது. ஆனால் இதை நம்பலாமா? முன் படத்தையும் பின் படத்தையும் பார்த்து, இடைப்பட்ட படங்களைக் கணினி தானே வரைகிறது. இரண்டிலும் பந்து கோட்டுக்கு முன்னால் இருந்தால், இடையிலும் அது முன்னால்தான் வரையும். உண்மையில் உள்ளே போயிருந்தாலும் அதற்குத் தெரியாது.

போதாக்குறைக்கு, அந்தத் தந்தை நின்றது நடுக்கோட்டருகே. கோல் கோட்டுக்கு நேராக நின்று பார்க்காதவருக்கு, அந்தரத்தில் இருக்கும் பந்து கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாது. 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்தும் இப்படித்தான் மேல்கம்பத்தில் பட்டு விழுந்தது. படச்சுருள் இருந்தும் வாதம் ஓயவில்லை. 2014 உலகக் கோப்பையில் இதற்கென்றே ஒவ்வொரு கோலுக்கும் 7 வேகக் கேமராக்கள் வைத்தார்கள்.

ஆகவே என் கருத்து இது: மறுகாட்சி தாராளமாகப் போடுங்கள், கணினி வரைந்த படத்தை மட்டும் அதில் நுழைக்காதீர்கள். முதலில் முழு ஆட்டத்தையும் இயல்பான வேகத்தில், நடுவரும் தெரியும்படி காட்டுங்கள். பிறகு மெதுவாக. குதித்தால் குதிக்கட்டும். அந்தத் தாயின் கைபேசியில் வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் வசதி இருந்திருக்கிறது. அதில் பந்து படத்துக்குப் படம் 8 செ.மீ.தான் நகர்ந்திருக்கும். அன்று அவர் அதைப் போடவில்லை.

மாணவர்கள் அரைமணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் குதிக்கும் மறுகாட்சியே தொகுப்பில் சேர்ந்தது. அடியில் "கோல் தரப்படவில்லை" என்று எழுதினார்கள்.