பில் பணம் சீக்கிரமே வந்துவிட்டதா? நன்றி சொல்லுங்கள், ‘ஷாக்’ ஆகாதீர்கள்!

30 நாள் கெடு கொடுத்து அனுப்பிய பில்லுக்கு எட்டாவது நாளே பணம் வந்துவிடுகிறது. மொபைலில் வங்கி எஸ்எம்எஸ்ஸைப் பார்த்ததும் கை தானாகவே வாட்ஸ்அப்புக்குப் போகிறது. “சார், இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவே இல்ல! ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்!” என்று டைப் செய்து, இரண்டு கும்பிடு எமோஜியும் சேர்த்து அனுப்பியாகிவிட்டது.

மனதில் இருந்ததைத்தானே சொன்னோம், இதில் என்ன தப்பு என்று தோன்றலாம். ஆனால், அந்த ஒரு வரியில் மூன்று தகவல்கள் வாடிக்கையாளருக்குப் போய்விடுகின்றன. ‘நீங்கள் இழுத்தடிப்பீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்’ என்பது ஒன்று. ‘கையில் காசு இல்லாமல் காத்திருந்தேன்’ என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் ஆபத்தானது: ‘சீக்கிரம் பணம் தருவது பெரிய சலுகை, அடுத்த முறை ரேட்டைக் குறைக்கச் சொன்னாலும் தலையாட்டுவேன்.’

ஆச்சரியம் ஏன் வருகிறது?

தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ தொழில் செய்கிறவர்களுக்குத் தாமதம்தான் பழகிப்போனது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்துக்குச் சட்டமே கெடு வைத்திருக்கிறது. 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். இல்லாவிட்டால் 15 நாள். மீறினால் கூட்டு வட்டி தர வேண்டும். இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதிலேயே நிலைமை புரிந்துவிடும்.

அதனால் ஆச்சரியம் வருவது இயல்பு. அது மனதோடு இருக்கட்டும், மெசேஜில் வேண்டாம். செய்த வேலைக்குக் கூலி வருவது தானம் அல்ல. நன்றிக்குரியது பணம் அல்ல, அது முன்கூட்டி வருவதற்காக ஒருவர் எடுத்த சிரத்தை. இந்த வித்தியாசம் பிடிபட்டால் நன்றியின் மொழியும் சரியாக வந்துவிடும்.

பணம் தானாக முன்னால் வராது

கொஞ்சம் பெரிய நிறுவனத்தில் ஒரு பில் எப்படி நகர்கிறது? வேலை கொடுத்த மேலாளரிடம் முதலில் போகும். வேலை முடிந்தது, தொகை சரி என்று அவர் ஒப்புதல் தர வேண்டும். பிறகு அக்கவுண்ட்ஸில் பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிடித்தம் போட்டு, பணம் அனுப்ப வேண்டிய பட்டியலில் சேர்ப்பார்கள். பல இடங்களில் அந்தப் பட்டியல் வாரத்தில் ஒரு நாள்தான் வங்கிக்குப் போகும்.

பெரும்பாலும் பில் தூங்குவது முதல் கட்டத்தில்தான். மேலாளரின் இன்பாக்ஸில் இருபது நாள் கிடந்துவிட்டு, கெடு நெருங்கும்போது நகரும். எட்டாவது நாளே பணம் வந்திருக்கிறது என்றால், அவர் பில்லைப் பார்த்ததும் ஒப்புதல் கொடுத்திருக்கிறார், அக்கவுண்ட்ஸில் ஒருவர் அதை அந்த வாரப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த இருவர்தான் நன்றிக்கு உரியவர்கள். ‘உங்கள் நிறுவனத்துக்கு மிக்க நன்றி’ என்று பொதுவாக எழுதினால் அது யாரையும் போய்ச் சேராது.

முதலில் கணக்கு, பிறகு நன்றி

ஓர் உதாரணம். கோவையில் இரண்டு பேர் நடத்தும் டிசைன் ஸ்டூடியோ, திருப்பூர் ஆடை நிறுவனம் ஒன்றுக்கு கேட்லாக் வடிவமைத்துத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் ரூ.80,000. 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.14,400. மொத்த பில் ரூ.94,400. பில் தேதி ஜூன் 3, கெடு ஜூலை 3. ஜூன் 11 அன்று கணக்கில் ரூ.86,400 வரவாகிறது.

அனுபவம் இல்லாதவர் “தேங்க்ஸ் சார், ஆனா 8,000 குறையுதே” என்று கேட்டுவிடுவார். குறையவில்லை. இந்த வாடிக்கையாளர் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருக்கிறார். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால், கட்டணமான 80,000-க்குத்தான் பிடித்தம். அது 8,000. அந்தத் தொகை ஸ்டூடியோவின் பான் எண்ணில் வரியாகச் சேர்ந்துவிடும். வாடிக்கையாளர் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகு 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். நன்றி சொல்ல எழுதிய மெசேஜ் தவறான புகாராக மாறிவிட்டால், சம்பாதித்த நல்லெண்ணம் அங்கேயே கரைந்துவிடும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முன்கூட்டி வந்த பணம் சில சமயம் தவறுதலாகவும் வந்திருக்கும். வேறொருவருக்குப் போக வேண்டியதாக இருக்கலாம், பழைய பில்லுக்கு இரண்டாவது முறை வந்ததாக இருக்கலாம். தொகை எந்த பில்லோடும் பொருந்தாவிட்டால், நன்றிக்கு முன்னால் “இது எந்த பில்லுக்கானது என்று உறுதிப்படுத்த முடியுமா?” என்று கேட்பதுதான் முறை. இப்படிக் கேட்கிறவர் மீது வரும் நம்பிக்கை பத்து நன்றி மெசேஜ்களாலும் வராது.

என்ன எழுதலாம்?

கணக்கு சரியாக இருக்கிறது. பணம் வந்த அன்றோ மறுநாளோ, பில் அனுப்பிய அதே மின்னஞ்சல் தொடரில், மேலாளருக்கு இப்படிப் போகலாம்:

“வணக்கம் மேடம். ஜூன் 3 தேதியிட்ட 17-ம் எண் பில்லுக்கு ரூ.86,400 இன்று வரவாகியிருக்கிறது. டிடிஎஸ் ரூ.8,000 போக கணக்கு சரியாக உள்ளது. கேட்லாக் முடிந்த கையோடு பில்லையும் பார்த்து அனுப்பிவைத்ததற்கு நன்றி. அச்சகத்துக்கான ஃபைல்கள் சொன்னபடி திங்கள்கிழமை உங்களிடம் இருக்கும்.”

நான்கு வரிதான். முதல் இரண்டு வரிகள் ரசீதின் வேலையைச் செய்கின்றன. அக்கவுண்ட்ஸுக்கும் அது பயன்படும். மூன்றாவது வரி அவர் செய்த காரியத்தைக் குறிப்பாகச் சொல்கிறது. ‘சீக்கிரம்’ என்ற சொல்லே இல்லை, ஆனால் அவர் சீக்கிரம் செய்தது கவனிக்கப்பட்டிருக்கிறது என்பது அவருக்குப் புரியும். நான்காவது வரி, ‘நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள், நானும் காப்பாற்றுகிறேன்’ என்பதைச் சொல்லாமல் சொல்கிறது.

அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு ஒரு வாட்ஸ்அப் போதும்: “சார், 17-ம் நம்பர் பில் கிரெடிட் ஆயிடுச்சு. யுடிஆர் நம்பரும் சேர்த்து அனுப்புனதால உடனே டேலி பண்ண முடிஞ்சுது. நன்றி சார்.” பணம் வராதபோது மட்டும் தன்னைத் தேடி போன் வருவது அவருக்குப் பழக்கம். வந்தபோதும் ஒருவர் நினைத்தார் என்பது அவருக்கு நினைவில் நிற்கும்.

மேலாளரின் முதலாளிக்கு ‘சிசி’ போட்டுப் புகழலாமா? தவிர்ப்பது நல்லது. நிறுவனத்தின் வழக்கம் 30 நாள் கழித்துத் தருவது என்றால், “எட்டு நாள்ல குடுத்தீங்களாமே, ஏன்?” என்ற கேள்வி உதவி செய்தவர் மேலேயே திரும்பக்கூடும்.

நன்றியோடு ஒட்ட வைக்கக் கூடாதவை

நன்றி சொல்கிற அதே மெசேஜில் அடுத்த கொட்டேஷன், கூகுள் ரிவ்யூ, இன்னொரு நிலுவை பில் எதுவும் வரக் கூடாது. வந்தால், நன்றி வெறும் பீடிகையாகத் தெரியும். கேட்க வேண்டியது இருந்தால் சில நாள் கழித்துத் தனியாகக் கேட்கலாம்.

மகிழ்ச்சியில் “அடுத்த பில்லுல அஞ்சு பர்சென்ட் குறைச்சுக்கிறோம் சார்” என்பதும் வேண்டாம். முன்கூட்டித் தந்தால் தள்ளுபடி என்பது வணிகத்தில் உள்ள முறைதான். ஆனால், அது வேலை தொடங்கும் முன்பே பேசி, பில்லில் எழுத வேண்டிய நிபந்தனை. பணம் வந்த பிறகு கொடுத்தால், நட்பாகச் செய்த காரியத்துக்கு விலை வைத்ததாகிவிடும். அடுத்த முறையிலிருந்து அந்தத் தள்ளுபடி உரிமையாகவும் கேட்கப்படும்.

மார்ச் மாதத்தில் வரும் பணத்துக்குக் கூடுதல் நிதானம் தேவை. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுக் கணக்கை முடிக்கும் அவசரத்தில் எல்லா பில்களும் ஒரே மூச்சில் தீர்க்கப்படலாம். அதைத் தனிப்பட்ட அன்பாக நினைத்து உருகி எழுதினால், வாசிக்கிறவருக்குச் சங்கடம். வரவை உறுதி செய்து ஒற்றை வரி நன்றி சொன்னால் போதும்.

சோதனை அடுத்த பில்லில்தான்

அதே திருப்பூர் நிறுவனத்துக்கு அடுத்த பில் செப்டம்பரில் போகிறது. இந்த முறை பணம் 28-வது நாள் வருகிறது. “போன தடவை எட்டே நாள்ல குடுத்தீங்களே” என்று ஒரு வார்த்தை வந்தாலும் முடிந்தது. ஒருமுறை முன்கூட்டித் தந்தவர், இனி கெடுவுக்குள் தந்தாலும் குற்றவாளி ஆகிவிடுவார். அடுத்து யாருக்கும் முன்கூட்டித் தர அவருக்கு மனம் வராது. 28-வது நாள் என்பது கெடுவுக்குள்தான். அதற்கும் வரவை உறுதி செய்து அதே மரியாதையான பதில் போக வேண்டும்.

முன்கூட்டிப் பணம் தந்தவருக்குத் திருப்பிச் செய்யக்கூடியது, பில்லை அவருக்குச் சிரமம் இல்லாததாக அனுப்புவது. பர்ச்சேஸ் ஆர்டர் எண், ஜிஎஸ்டி எண், வங்கி விவரம், கட்டணம் தனி, வரி தனி. இவை சரியாக இருந்தால் மேலாளர் பார்த்த உடனே ஒப்புதல் தர முடியும். ஜூன் மாதம் எட்டு நாளில் பணம் வந்ததற்குப் பாதிக் காரணம் அப்படி ஒரு பில்லாகவே இருந்திருக்கலாம். அப்படியானால், அதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை.