எந்தக் கோட்டை வரையாமல் விடுவது?

மக்கள் எங்கிருந்து எங்கே பெயர்ந்தார்கள் என்பதை வரைபடமாகக் காட்ட நினைத்தவர்கள் எல்லோரும் முதல் நாளில் ஒரே படத்தைத்தான் வரைந்திருப்பார்கள். கையில் ஓர் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு வரியிலும் புறப்பட்ட இடம், போய்ச் சேர்ந்த இடம், ஆட்களின் எண்ணிக்கை. கணினியிடம் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோடு போட்டுத் தரும். ஆள் அதிகமென்றால் தடித்த கோடு, குறைவென்றால் மெல்லிய கோடு. திரையில் வந்து நிற்பதோ பூனை உருட்டி விளையாடிய நூல்கண்டு.

2011 இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இடப்பெயர்வு அட்டவணைகளை எடுத்துக்கொள்வோம். முன்பு எங்கே குடியிருந்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கான விடைகள் அவற்றில் மாநில வாரியாக இருக்கின்றன. அன்று மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் சேர்த்து 35. ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற 34-க்கும் ஒரு கோடு என்றால் 1,190 கோடுகள். அன்றைய 640 மாவட்டங்களுக்கும் இதே போல வரையக் கிளம்பினால் கணக்கு நான்கு லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகவே மாநில அளவிலேயே நிற்போம். 1,190-ஐச் சமாளிக்கும் வழி தெரிந்தால் மற்றதையும் யோசிக்கலாம்.

நூல்கண்டைப் பார்த்ததும் பலர் செய்வது கோடுகளைக் கொஞ்சம் ஒளி ஊடுருவ விடுவது, அல்லது எல்லாக் கோடுகளையும் சம அளவில் மெலிதாக்குவது. இரண்டும் நோயை மறைக்கும், தீர்க்காது. சிக்கல் உண்மையில் எங்கே இருக்கிறது என்று அறிய ஒரு அளவுகோலை எடுத்துத் தாளின் மேல் வைத்துப் பார்ப்பதே நல்லது.

இந்தியா வடக்கு தெற்காக ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். பத்திரிகைப் பக்கத்தில் அதற்கு 20 சென்டிமீட்டர் ஒதுக்கினால், ஒரு சென்டிமீட்டர் 160 கிலோமீட்டரைக் குறிக்கும். உத்தரப் பிரதேசத்தின் நடுப்புள்ளியை லக்னோவுக்கு அருகில் வைத்தால், அங்கிருந்து டெல்லிக்கு நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். தாளில் அது 26 மில்லிமீட்டர். டெல்லி ஒன்றியப் பகுதியின் அகலமோ 50 கிலோமீட்டர்தான், அதாவது 3 மில்லிமீட்டர். நாட்டின் மிகப் பெரிய பெயர்வுகளில் ஒன்று இந்தக் குட்டி இடைவெளியில்தான் நடந்திருக்கிறது.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, மிகப் பெரிய பெயர்வு 28 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 7 மில்லிமீட்டர் தடிமன் கொடுத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 4 லட்சம் பேர். 26 மில்லிமீட்டர் நீளம், 7 மில்லிமீட்டர் அகலம் என்றால் அது கோடே அல்ல, செங்கல். 3 மில்லிமீட்டர் டெல்லியின் மேல் அதை வைத்தால் டெல்லி காணாமல் போகும். ஹரியானாவின் ஓரமும் மறையும். படத்தை அடைப்பது ஆயிரம் மெல்லிய கோடுகள் மட்டுமல்ல, குறுகிய தூரத்தில் கிடக்கும் நாலைந்து தடித்த கோடுகளும்தான் என்பது இப்போது தெரிகிறது.

அதனால் தடிமனை முடிவு செய்ய வேண்டியது மிகப் பெரிய எண் அல்ல. தடித்த கோடுகளில் எது மிகக் குட்டையானதோ அதுதான். நீளம் அகலத்தைப் போல் ஏழு, எட்டு மடங்காவது இருந்தால்தான் கண் அதைக் கோடு என்று ஒப்புக்கொள்ளும். இது என் கைப்பழக்கக் கணக்கு, சட்டம் அல்ல. அதன்படி 26 மில்லிமீட்டர் கோட்டுக்கு 3.5 மில்லிமீட்டர் தடிமன் போதும். இப்போது ஒரு மில்லிமீட்டருக்கு 8 லட்சம் பேர்.

இந்த அளவு தீர்ந்ததும் இன்னொரு முடிவு தானாக வந்து நிற்கிறது. அச்சில் 0.1 மில்லிமீட்டருக்குக் கீழே போன கோடு நம்பத் தகுந்ததாக இருக்காது. வண்ண அச்சில் உடையும், மங்கும். 0.1 மில்லிமீட்டர் என்றால் 80,000 பேர். அதற்குக் கீழே இருக்கும் பெயர்வுகளை வரைந்தாலும் அளவு தெரியப் போவதில்லை, இரைச்சல்தான் மிஞ்சும். எனவே 80,000 என்ற வெட்டு, தாளும் மையும் சொன்ன வெட்டு.

எங்கே வெட்டுவது என்பதற்கு அமெரிக்கப் புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1987-இல் எழுதிய கட்டுரையில் வேறொரு எளிய வழி சொன்னார்: சராசரிக்குக் கீழே இருப்பதை விட்டுவிடு. இடப்பெயர்வு அட்டவணைகளில் ஒரு சில எண்கள் மலைபோல் இருக்கும், மீதி மணல்போல் கிடக்கும். ஆகவே சராசரி என்பது நடுவில் இல்லாமல் மிக மேலே போய் நிற்கும். அங்கே வெட்டினால் பெரும்பாலான கோடுகள் போய்விடும், பெரும்பாலான மனிதர்கள் படத்தில் இருப்பார்கள். எந்த வழியில் வெட்டினாலும், வெட்டிய பிறகு மீதியுள்ள எண்களைக் கூட்டி, மொத்தத்தில் எத்தனை சதவீதம் படத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாதிக்கும் கீழே வந்தால் வெட்டு கடுமையாக விழுந்துவிட்டது. தாளைப் பெரிதாக்கவோ நாட்டைப் பிரித்து வரையவோ வேண்டும்.

வெட்டை விரும்பாதவர்கள் வேறொரு குறுக்கு வழிக்குப் போவதுண்டு. தடிமனை எண்ணிக்கைக்கு நேராக வைக்காமல், அதன் வர்க்கமூலத்துக்கு நேராக வைப்பது. பெரிய கோடு இளைக்கும், சின்னக் கோடு கொழுக்கும், எல்லாம் அடங்கிவிடும். ஆனால் ஒன்பது மடங்கு ஆட்கள் போன கோடு மூன்று மடங்கு தடிமனில் நிற்கும். கோட்டின் அகலத்தைப் பார்க்கும் கண் அதை மூன்று மடங்கு என்றுதான் படிக்கும். வட்டத்துக்குப் பொருந்தும் கணக்கைக் கோட்டுக்குக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் ஜோசப் மினார் இதே முட்டுச்சந்தில் நின்றவர். ஐரோப்பாவுக்குள் வந்த பருத்தியின் அளவைப் பட்டைகளாக வரைந்தபோது, கடல்வழிகள் குறுகலாக இருந்ததால் பட்டைகள் நுழையவில்லை. அவர் எண்களைச் சுருக்கவில்லை. வரைபடத்தில் கடலை அகலமாக்கிவிட்டார். நிலத்தை வளைக்கலாம், எண்ணை வளைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. டெல்லிக்கு ஓரத்தில் தனியாக ஒரு பெரிதாக்கிய படம் போடுகிறோமே, அதுவும் அதே கட்சிதான்.

இனி கோட்டின் வடிவம். உத்தரப் பிரதேசத்திலிருந்து டெல்லிக்கும் டெல்லியிலிருந்து உத்தரப் பிரதேசத்துக்கும் நேர்கோடுகள் போட்டால் ஒன்றன் மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். கொஞ்சம் வளைத்தால் இரண்டும் விலகும். க்யூஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும் நேர்கோட்டை, குறியீட்டின் வடிவ உருவாக்கியில் இந்த ஒரு வாய்ப்பாட்டைப் போட்டு வளைக்கலாம்:

```
smooth(make_line(
  start_point($geometry),
  project(
    line_interpolate_point($geometry, length($geometry) * 0.5),
    length($geometry) * 0.2,
    azimuth(start_point($geometry), end_point($geometry)) - pi()/2),
  end_point($geometry)), 5)
```

கோட்டின் நடுப்புள்ளியை, நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளி, அதன் வழியே முறிந்த கோடு ஒன்று போட்டு, முனையை மழுக்குகிறது, அவ்வளவுதான். `- pi()/2` என்பதால் ஒவ்வொரு கோடும் போகும் திசைக்கு இடப்பக்கமாக வளையும். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு அது இயல்பாகவே படும். தடிமனுக்கு `"flow" / 800000.0` என்று மில்லிமீட்டரில் கொடுத்து, `"flow" >= 80000` என்று வடிகட்டினால் மேலே போட்ட கணக்கு அப்படியே படமாகிவிடும்.

வளைவுக்கு இன்னொரு பயனும் உண்டு. நேர்கோட்டைப் பார்ப்பவர் அதை ரயில் பாதை என்று எண்ணிவிடலாம். வளைந்த கோடு, ‘நான் வழி அல்ல, இரண்டு ஊருக்கும் உள்ள தொடர்பு மட்டும்’ என்று சொல்லிவிடுகிறது. கோடுகளையெல்லாம் கயிறுபோல் முறுக்கி ஒன்றாகக் கட்டிவிடும் உத்தி ஒன்றும் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பீகாரிலிருந்து வந்த கோடு மகாராஷ்டிரத்துக்குப் போகிறதா குஜராத்துக்கா என்பதை முறுக்கு விழுங்கிவிடும். மாநில அளவுப் படத்துக்கு அது வேண்டாம்.

எந்தக் கோடு மேலே இருக்க வேண்டும்? தடித்தது அடியில், மெல்லியது மேலே. தடித்த கோட்டின் குறுக்கே மெல்லியது போனாலும் இரண்டும் தெரியும்; மாற்றிப் போட்டால் மெல்லியது புதைந்துவிடும். வரையும் வரிசையை `"flow"` எண்ணின் இறங்குமுகத்தில் வைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் வெள்ளையில் ஒரு மெல்லிய விளிம்பு கொடுத்தால் கடக்கும் இடங்கள் பாலம்போல் தெளியும். திசையைக் காட்ட அம்புத்தலையே போதும். புறப்படும் பக்கம் தடித்து, சேரும் பக்கம் ஊசியாகக் கூரும் கோட்டையும் சிலர் விரும்புவார்கள். வரைபடத்தில் அம்புத்தலையைத்தான் வாசகர்கள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று பெர்ன்ஹார்ட் ஜென்னியும் உடன் பணியாற்றியவர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கூரும் கோட்டில் எந்த இடத்துத் தடிமன் எண்ணிக்கையைக் குறிக்கிறது என்ற குழப்பமும் வரும். கோடுகள் சேரிடத்தின் நடுப்புள்ளி வரை போகாமல், அதைச் சுற்றிய ஒரு சிறு வளையத்தின் விளிம்பிலேயே நின்றுகொண்டால் பத்து அம்புத்தலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது.

இவ்வளவு செய்தும் படம் அடைத்துக்கொண்டே இருந்தால், பிழை பெரும்பாலும் வரைவதில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. கணக்கெடுப்பு இடம்பெயர்ந்த காரணத்தையும் கேட்டிருக்கிறது: வேலை, தொழில், கல்வி, திருமணம், பிறந்தபின் பெயர்ந்தது, குடும்பத்தோடு பெயர்ந்தது. பெண்களுக்குத் திருமணமே முதன்மைக் காரணம். எல்லையை அடுத்த மாநிலங்களுக்கு இடையில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது சாதாரணமாக நடப்பது. அந்தக் கணக்கெல்லாம் குட்டைத் தடித்த கோடுகளாக எல்லையோரத்தில் குவிகின்றன. வேலைக்காகப் பெயர்ந்தவர்களை மட்டும் எடுத்தால் அந்தச் செங்கற்கள் மெலிந்து, அடியில் மறைந்திருந்த நீண்ட கோடுகள் வெளியே வரும். எத்தனை ஆண்டுகளுக்கு முன் வந்தவர் என்ற பிரிவும் அட்டவணையில் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்தவரையும் போன மாதம் வந்தவரையும் ஒரே கோட்டில் போட வேண்டியதில்லை. பத்து ஆண்டுக்குள் வந்தவர்கள் என்று வரையறுத்தால் படம் இன்னும் இளகும்.

முடித்த படத்தைச் சோதிக்க, அதை வரையாத ஒருவரிடம் கொடுத்து இரண்டு கேள்வி கேட்பேன். மகாராஷ்டிரத்துக்கு மூன்றாவதாக அதிகம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? டெல்லியிலிருந்து வெளியே போகும் கோடு ஏதாவது தெரிகிறதா? விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போய் நடுவில் தொலைத்துவிட்டால், அந்தக் கடப்பிடத்தை மறுபடி வரைய வேண்டும். கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதியும் எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

படத்தின் அடியில் மூன்று தகவல் கட்டாயம் இருக்க வேண்டும்: 1,190-இல் எத்தனை கோடுகள் வரையப்பட்டன, எந்த எண்ணுக்குக் கீழே விடப்பட்டது, வரைந்தவை மொத்தத்தில் எத்தனை சதவீதம். விடுபட்டவர்களில் சிறு மாநிலங்களே அதிகம் இருப்பார்கள். கோவாவும் சிக்கிமும் ஒரு கோடுகூட இல்லாமல் வெறுமையாக நின்றால், அங்கே யாரும் போகவில்லை, வரவில்லை என்று வாசகர் படித்துவிடுவார். அந்த மாநிலங்களைச் சற்று வேறான சாம்பல் நிறத்தில் விட்டு, ‘வெட்டுக்குக் கீழே’ என்று குறித்துவிடலாம்.

திருப்பூரில் இருக்கும் வாசகர் இந்தப் படத்தில் முதலில் தேடுவது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டுக்கு வரும் கோடுகளைத்தான். தன் தெருவில் தினமும் பார்க்கும் கூட்டம் அந்தக் கோடுகளில் தெரியவில்லை என்று அவர் கடிதம் எழுதுவார். எண்கள் 2011-இல் எடுத்தவை என்பது ஒரு காரணம். சில மாதம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களை இந்தக் கணக்கெடுப்பு சரியாகப் பிடிப்பதில்லை என்பது இன்னொன்று. அவருக்காகத் தமிழ்நாட்டுக்கு வரும் கோடுகளை மட்டும் தனிப்படமாக, தனி அளவில் வரையலாம். அதில் கேரளம், கர்நாடகம், ஆந்திரக் கோடுகள்தான் முன்னால் நிற்கும். ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பேர் என்பது இங்கே வேறு என்று, பெரிய படத்துக்குப் பக்கத்திலேயே கண்ணில் படும்படி எழுதிவிட வேண்டும்.