80 டொலர் திரும்பி வந்தது, ரூபா எங்கே போனது?

வெளிநாட்டுக் கடையொன்றில் ஒன்லைனில் வாங்கின சாமானைத் திருப்பி அனுப்பினால், "முழுக் காசும் தந்தாச்சு" என்று கடையிலிருந்து மின்னஞ்சல் வரும். வங்கிக் கணக்கைப் பார்த்தால் ஆயிரம் ரூபா குறையும். கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் என்றுதான் நாங்கள் எல்லாரும் உடனே கதைக்கிறோம். பெரும்பாலும் அது பிழை. அதற்காக நடக்கிறது எல்லாம் நியாயம் என்றும் நாங்கள் சொல்ல வரவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளங்குவதற்காக எண்களை நாங்களே வைத்துக்கொள்கிறோம். 80 டொலருக்கு ஒரு சோடி சப்பாத்து. வாங்கும்போது கார்ட் நிறுவனத்தின் மாற்று வீதம் டொலருக்கு 300 ரூபா. அப்போ 24,000 ரூபா. அதற்கு மேல் எங்கட வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் என்று 3 சதவீதம், அதாவது 720 ரூபா, எடுக்கிறது. மொத்தம் 24,720 ரூபா.

மூன்று கிழமைக்குப் பிறகு கடை அதே 80 டொலரைத் திருப்பிப் போடுகிறது. இங்கேதான் விசயம் இருக்கு. கார்ட் நிறுவனத்துக்கு இது பழைய கொள்வனவை அழிக்கிற வேலை இல்லை. எதிர்ப்பக்கமாக நடக்கிற ஒரு புதுப் பரிவர்த்தனை. அதனால் அது பதிவாகிற நாளின் வீதம்தான் செல்லும். அன்றைக்கு வீதம் 296 என்றால் வருவது 23,680 ரூபா. குறைவது 1,040 ரூபா. அதில் 320 ரூபா வீதம் மாறினதால் போனது. மிச்சம் 720 ரூபா வங்கி திருப்பித் தராத கட்டணம்.

இந்த இரண்டையும் நாங்கள் வேறு வேறாகப் பார்க்க வேணும். வீத மாற்றம் யாருடைய களவும் இல்லை, அது இரண்டு பக்கமும் ஆடும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. ரூபாவின் பெறுமதியை மத்திய வங்கி நெகிழ விட்ட பிறகு, அந்த மாத முடிவில் 300ஐ நெருங்கியது. அந்த இடைவெளியில் சாமானைத் திருப்பினவருக்குக் கட்டினதை விடக் கூடுதலாகவே ரூபா வந்திருக்கும். 2023இன் தொடக்கத்தில் 360 அளவில் வாங்கி, ரூபா பலமடைந்த பிறகு யூனில் திருப்பினவருக்கோ நல்ல அடி. லாபம் வந்தால் பேசாமல் வைத்துக்கொண்டு, நட்டம் வந்தால் மட்டும் கடையோடு சண்டை பிடிக்க ஏலாது.

கட்டணம் அப்படி இல்லை. அது எப்பவும் ஒரு பக்கம்தான் போகும். சில வங்கிகள் காசு திரும்பும்போது அதையும் சேர்த்துத் தரும், சிலது தராது. சாமானும் கையில் இல்லை, கடையும் காசை வைத்திருக்கவில்லை, நடுவில் நின்ற வங்கி மட்டும் 720 ரூபாவோடு நிற்கிறது. மாற்றுகிற வேலையை வங்கி செய்ததுதானே என்று கேட்கலாம். சரி, அப்படியென்றால் அதைத் தனி வரியில் காட்டட்டும். கட்டணத்தை வீதத்துக்குள்ளே கரைத்து ஒரே தொகையாகப் போட்டால், எது சந்தை, எது வங்கி என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அதுவரைக்கும் நாங்களே பார்க்கக்கூடியது ஒன்று இருக்கு. ஸ்டேட்மென்டில் ரூபாவைப் பார்க்க முதல் டொலரைப் பாருங்கள். போனதும் 80, வந்ததும் 80 என்றால் கடையில் பிழை இல்லை. கேள்வியை வங்கியிடம் கொண்டுபோங்கள். வந்தது 72 என்றால் கடைதான் அனுப்பற் செலவையோ வேறெதையோ கழித்திருக்கு, அவர்களிடம் கேளுங்கள். விசா, மாஸ்டர்கார்ட் இரண்டின் இணையத்தளங்களிலும் திகதி போட்டு வீதம் பார்க்கிற கணிப்பான் இருக்கு. அதில் வருகிற தொகைக்கும் வங்கி எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கட்டணமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, மனம் மாறினால் கெதியாக மாறுங்கள். வாங்கின உடனே வங்கி அந்தத் தொகையை ஒதுக்கி மட்டும்தான் வைக்கும். உண்மையான பதிவு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் நடக்கும். அதற்கிடையில் கடை ஓடரை இரத்துச் செய்து அந்த ஒதுக்கை விடுவித்தால், ஒதுக்கின ரூபா அப்படியே விடுபடும். மாற்றமே நடக்காததால் வீதமும் இல்லை, கட்டணமும் இல்லை. பதிவான பிறகு திருப்பினால்தான் இந்தக் கதை எல்லாம்.

வீதம் ஏறி இறங்குவதை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். நடக்காமல் போன ஒரு வியாபாரத்துக்கு எடுத்த கட்டணத்தைத் திருப்பித் தர வேணும், இல்லையென்றால் தரமாட்டோம் என்று கார்ட் தரும்போதே எழுத்தில் சொல்ல வேணும். வங்கிகளிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.