சேமிக்கிற தங்கம் நகையாகத்தான் இருக்க வேண்டுமா?

2022 மார்ச்சில் ரூபாய் சரிய, தங்கம் மேலே போனது. அதிலிருந்து மொனராகலையில் நம் வீடுகளில் ஒரே பேச்சு: கையில் காசு வந்தால் நகை எடுத்துப் போடுவோம், பிள்ளையின் கலியாணத்துக்கு உதவும். உதவும்தான். எவ்வளவு உதவும் என்றுதான் நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

ஐந்து பவுண் மாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 கிராம், 22 கரட். சுத்தத் தங்கம் சுமார் 36.7 கிராம். அதில் ஏமாற்று இல்லை, விலையும் அதற்கேற்பத்தான். நட்டம் கூலியில் இருக்கிறது. செய்கூலி, சேதாரம் 10 சதவீதம் என்று வைப்போம். 44 கிராமின் காசைக் கொடுக்கிறோம். விற்கும்போது கூலி திரும்பாது. கடைக்காரர் 3 சதவீதம் கழித்தால் 38.8 கிராமின் காசுதான் கைக்கு வரும். தங்கம் 13 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட முதலே மீளும். கல் வைத்த நகையென்றால் கல்லின் எடையும் கழியும்.

24 கரட் நாணயத்துக்குக் கூலி குறைவு. ஆனால் ஒவ்வொரு கிராமாக வாங்கிச் சேர்த்தால் கூலி கூடும். எட்டு, பத்து கிராமாக எடுப்பதே மேல். உறையைப் பிரிக்காமல், பற்றுச்சீட்டோடு வைக்க வேண்டும். உறை கிழிந்தால் உரைத்துப் பார்த்து, உருக்கிப் பார்த்து, அதற்கும் கழிப்பார்கள்.

அணியும் நகைக்கு ஷாபிஈ மத்ஹபில் ஸகாத் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். சேமிப்பென்று பூட்டி வைத்த நகைக்கு அந்தச் சலுகை கிடையாது.

பிள்ளை போட ஒரு மாலை எடுப்போம். அலுமாரியிலேயே கிடக்கப்போகும் நாலாவது சோடிக் காப்புக்குக் கூலி கொடுக்க வேண்டாம் என்கிறோம், அவ்வளவுதான்.