உளவளத்துணையாளரை மாற்றலாமா?

காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து சரிவரவில்லையென்றால் நாம் வேறொரு டொக்டரைத் தேடிப் போகிறோம். அதற்காக எவரும் வெட்கப்படுவதில்லை. "அவரது மருந்து எனக்கு ஒத்துவரவில்லை" என்று அயல் வீட்டாரிடமே சொல்லிவிடுகிறோம். ஆனால் உளவளத்துணையாளர் ஒருவரிடம் போய், அவர் நமக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால் மட்டும் வாய் திறக்க முடிவதில்லை. "நம்முடைய இரகசியமெல்லாம் அவருக்குத் தெரியுமே", "பாவம், எவ்வளவு பொறுமையாகக் கேட்டார்", "மாறினால் மனம் நோகுமே" என்ற எண்ணங்கள் காலைக் கட்டிவிடுகின்றன. இதனால் சிலர் பயனில்லாமலேயே மாதக்கணக்கில் போய் வருகிறார்கள். வேறு சிலர் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டு, "உளவளத்துணை எனக்குச் சரிவராது" என்று முழுவதையுமே கைவிடுகிறார்கள். இரண்டாவதே பெரிய இழப்பு என்பது என் கருத்து.

இக்கல்லூரியின் பழைய மாணவியான நான் உளவளத்துணை கற்று, அத்துறையிலேயே பணியாற்றுகிறேன். என்னிடம் வந்தவர்களுள் வேறொருவரிடம் மாறிச் சென்றவர்களும் உண்டு. அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த உரிமையோடுதான் இதை எழுதுகிறேன்.

பொருத்தம் என்பதை எப்படி அளப்பது? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உதவி நாடி வருபவருக்கும் உதவுபவருக்கும் இடையிலான உறவை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். முதலாவது இலக்கு: எதற்காகச் சந்திக்கிறோம் என்பதில் இருவரும் ஒத்திருக்கிறார்களா? இரண்டாவது வழி: அந்த இலக்கை அடையச் செய்யும் வேலையில் இருவருக்கும் உடன்பாடு உண்டா? மூன்றாவது பிணைப்பு: ஒருவர்மீது ஒருவருக்கு நம்பிக்கையும் மதிப்பும் இருக்கின்றனவா? நாம் வழமையாகப் பார்ப்பது மூன்றாவதை மட்டுந்தான். "நல்ல மனுசி" என்றால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். நல்ல மனிதரோடும் இலக்கு பிசகலாம்.

என் சாச்சியின் மகளின் அனுபவத்தை அவளது சம்மதத்தோடு சொல்கிறேன். இரண்டாம் தடவை உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். மாதிரிப் பரீட்சையின்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கைவிரல்கள் மரத்து, இடையிலேயே மண்டபத்தை விட்டு வெளியேறிவிட்டாள். இதயத்தில் கோளாறில்லை என்று பரிசோதித்துப் பார்த்த டொக்டர், இது கடும் பதற்றம் என்று சொல்லி உளவளத்துணைக்குப் போகச் சொன்னார்.

அவள் போன உளவளத்துணையாளர் அன்பானவர். "மகள்" என்றுதான் அழைப்பார். முதல் அமர்வில் குடும்ப விபரங்களைக் கேட்டார். இரண்டாவதில் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தார். மூன்றாவது அமர்விலிருந்து பேச்சு வேறு திசைக்குப் போயிற்று. வீட்டார் விருப்பத்துக்காகத்தான் இவள் உயிரியல் படிக்கிறாள், துறையை மாற்றினால் பயம் தீரும் என்று அவர் கருதினார். இவளுக்கோ உயிரியல் தன் சொந்தத் தெரிவு. அவள் வேண்டியது ஒன்றே ஒன்று: பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் இருக்க முடிய வேண்டும்.

"அவங்க நல்லம் ராத்தா. எப்பிடி இனி வரமாட்டேன் எண்டு சொல்ற?" என்று என்னிடம் கேட்டாள்.

மூன்று கேள்விகளையும் அவளிடமே கொடுத்தேன். பிணைப்பு உண்டு. இலக்கில் ஒற்றுமை இல்லை. இலக்கே வேறானபடியால் வழியும் வேறாயிற்று. இது அந்த அம்மணியின் குணத்தில் உள்ள குறை அல்ல. அவளது நன்றிகெட்டதனமும் அல்ல. இருவர் இரண்டு ஊர்களுக்குப் போக ஒரே பஸ்ஸில் ஏறியதைப் போன்றதுதான்.

இந்தக் கணக்கை முதல் நாளே போட முடியாது. முதல் அமர்வு பெரும்பாலும் விபரம் கேட்பதிலேயே கழிந்துவிடும். புதிய ஒருவரின் முன் வாய் அடைத்துப்போவதும் இயல்பு. மூன்று அல்லது நான்கு அமர்வுகள் பொறுத்துப் பார்ப்பது நியாயம். அதற்குப் பின்னும் "நாங்கள் எதற்காகச் சந்திக்கிறோம்?" என்ற கேள்விக்கு உங்களால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாவிட்டால் யோசிக்க வேண்டும். எதைச் சொல்வது என்பதை விட எதை மறைப்பது என்று வழியெல்லாம் திட்டமிட்டுக்கொண்டு போகிறீர்கள் என்றாலும் யோசிக்க வேண்டும்.

மாறுவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. அதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாயின் எழுதி வைத்து வாசிக்கலாம். அவளும் அப்படித்தான் செய்தாள்: "மிஸ், நான் வந்தது பரீட்சை மண்டபத்தில் வரும் பயத்துக்காக. ஆனால் நாங்கள் அதிகம் கதைப்பது நான் என்ன படிக்க வேண்டும் என்பதைப் பற்றி. மண்டபப் பயத்துக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போமா?" இப்படிச் சொன்னதும் பல வேளைகளில் உறவு முன்னையதை விட நன்றாகிவிடும். நல்ல உளவளத்துணையாளர் ஒருவர் இதைக் கேட்டு, தன் போக்கை மாற்றிக்கொள்வார், அல்லது ஏன் அவ்வாறு செய்கிறார் என்று விளக்குவார். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதை விட, அடுத்த அமர்வில் என்ன மாறுகிறது என்பதைப் பாருங்கள். அவள் விடயத்தில் "சரி மகள்" என்ற பதில் வந்தது. அடுத்த அமர்விலும் பேச்சு துறைமாற்றத்திலேயே நின்றது. அதன் பிறகுதான் மாறத் தீர்மானித்தாள்.

மாறும்போது அவள் சொன்னது மூன்றே வாக்கியங்கள். மூச்சுப் பயிற்சி தனக்கு உதவியது என்றாள். பரீட்சைப் பயத்துக்கு வேறோர் இடத்தில் தொடர எண்ணியிருப்பதாகச் சொன்னாள். இதுவரை செய்தவற்றைச் சுருக்கமாக எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். பொய்க் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. அந்தச் சுருக்கம் இருந்தபடியால் புதிய இடத்தில் கதையை முதலிலிருந்து சொல்லும் வேலையும் குறைந்தது. மருந்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உளவளத்துணையாளரை மாற்றுவது மருந்தை நிறுத்துவது ஆகாது. டொக்டரிடம் கேட்காமல் மாத்திரையை விடக்கூடாது.

இனி, மிக முக்கியமானது என்று நான் கருதும் இடத்துக்கு வருகிறேன். புதியவர் வேறு விதமானவர். அதிகம் கொஞ்சிப் பேசமாட்டார். பயத்தைச் சிறு படிகளாகப் பிரித்தார். முதலில் வெறும் வகுப்பறையில் இருபது நிமிடம் பழைய வினாத்தாள் எழுத வேண்டும். பிறகு நான்கைந்து பேரோடு ஒரு மணித்தியாலம். பிறகு மண்டபத்திலேயே. படபடப்பு வந்தால் எழுந்து ஓடாமல், அது ஏறி இறங்கும்வரை இருக்க வேண்டும். இரண்டாவது வாரமே அவள் அழுதுகொண்டு வந்தாள். "இவங்களும் எனக்குச் சரிவராது ராத்தா" என்றாள்.

அதே மூன்று கேள்விகளை மீண்டும் கேட்டேன். இலக்கு? "மண்டபத்தில் இருப்பது." வழி? "பயம்தான், ஆனா ஏன் செய்றோம் எண்டு விளங்குது." பிணைப்பு? சற்று யோசித்துவிட்டு, "நான் சொல்றத அவங்க நம்புறாங்க" என்றாள். இம்முறை பொருந்தாதது ஆள் அல்ல. கசப்பது வேலைதான். பயத்துக்கான உதவியில் பயத்தை நெருங்கித்தான் ஆக வேண்டும். அப்போது தப்பி ஓட மனம் நல்ல காரணங்களைத் தேடித் தரும். ஆகவே "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்பது மட்டும் மாறுவதற்குக் காரணம் ஆகாது. ஒருவர் பின் ஒருவராக மாறிக்கொண்டே, ஒவ்வொரு முறையும் கடினமான வேலை தொடங்கும் இடத்திலேயே நிறுத்துகிறீர்கள் என்றால், பிரச்சினை பொருத்தத்தில் இல்லை.

அவள் தொடர்ந்தாள். பரீட்சையில் இரண்டாம் வினாத்தாளின்போது படபடப்பு வந்தது. எழுந்து போகவில்லை. பேனையைக் கீழே வைத்துக் காத்திருந்துவிட்டு மீண்டும் எழுதினாள்.

பொறுத்துப் பார்க்கவே கூடாத நிலைமைகளும் உண்டு. நீங்கள் சொன்னதை ஊராரிடம் கதைப்பவர், கேலி செய்பவர், தொடுபவர், தனிப்பட்ட நட்புக்கோ வேறு தொடர்புக்கோ அழைப்பவர், டொக்டர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்பவர்: இவர்களுக்கு நான்கு அமர்வு தேவையில்லை, விளக்கமும் தேவையில்லை. உடனே நிறுத்திவிட்டு, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அதேவேளை, உங்கள் உயிருக்கு ஆபத்து என்று கண்டு உளவளத்துணையாளர் பெற்றாரிடம் அறிவித்தால், அது நம்பிக்கைத் துரோகம் அல்ல. இரகசியத்துக்கு உள்ள எல்லை அது.

பெற்றாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை மாற வேண்டும் என்று சொன்னால் "பிடிவாதம்" என்று முடிவு கட்டாதீர்கள். மேற்சொன்ன மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பெண் உளவளத்துணையாளர் வேண்டும் என்றோ, குடும்பத்தை அறியாத ஒருவர் வேண்டும் என்றோ அவள் கேட்பது நியாயமான கோரிக்கை. நம்முடையவர் என்றால்தான் நம்மை விளங்குவார் என்பதும் எப்போதும் உண்மையல்ல. வேற்று மதத்தவர் ஒருவர் நம் நோன்பையும் பர்தாவையும் மதித்துக் கேட்டு அறிந்துகொள்ளலாம். நம்மவரே ஒருவர் கேட்பதை விட்டுவிட்டு உபதேசம் செய்யலாம். பார்க்க வேண்டியது பெயரை அல்ல, கேட்கும் விதத்தை.

சிற்றூர்களில் தெரிவுகள் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். பிரதேச செயலகத்திலும் வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். ஒரே பிரிவுக்குள் வேறொருவரைக் கேட்பதிலும் தவறில்லை. இடைப்பட்ட நாட்களில் மனம் தாங்காவிட்டால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

குற்ற உணர்வைப் பற்றி என் கருத்து இதுதான். உளவளத்துணையாளருக்கு நாம் கடன்பட்டிருப்பது மரியாதையும் உண்மையும். தொடர்ந்து வருவது அந்தக் கடனில் சேராது. சொல்லிவிட்டு விலகுபவளுக்காக அவர் கதவை மூடிக்கொள்ளப் போவதில்லை. அவள் விட்டுச் சென்ற அந்த நேரத்தில், அவர் பொருந்தக்கூடிய வேறொரு பிள்ளை வந்து அமர்வாள்.