பழம் பார்த்துப் பறிக்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரம் ராகி விளையும் பூமி. ஆனால் எல்லையைத் தாண்டினால் கர்நாடகம். நாட்டின் காப்பியில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு அங்கே குடகு, சிக்மகளூர், ஹாசன் ஜில்லாக்களில்தான் விளைகிறது. இந்தப் பக்கம் சேலத்துக்கு மேலே ஏற்காட்டிலும் காப்பித் தோட்டங்கள் உண்டு. நவம்பர் பிறந்தால் இந்த மலைகளில் பறிப்பு தொடங்கிவிடும். ஆணும் பெண்ணுமாக ஆயிரக்கணக்கானோர் செடிகளுக்கு நடுவே நின்று, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பழம் பறிக்கிறார்கள். அந்தக் கிலோக் கணக்குக்குள் ஒரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. அதை விளக்குவதே நமது நோக்கம்.

காப்பிப் பழத்தை இரண்டு விதமாகப் பறிக்கலாம். சிவந்து பழுத்ததை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றாக விரலால் கிள்ளி எடுப்பது ஒன்று. கிளையைப் பிடித்து, காய், பழம், காய்ந்தது என்று பாராமல் ஒரே இழுப்பில் உருவிவிடுவது மற்றொன்று.

எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுத்தால் இந்தப் பிரச்சினையே எழாது. ஆனால் அராபிகா செடி பூப்பது கோடை மழையைப் பொறுத்தது. ஒரு மழை பெய்தால் பத்து நாளில் ஒரு பூப்பு. இன்னொரு மழை பெய்தால் இன்னொரு பூப்பு. ஆகவே எட்டு, ஒன்பது மாதம் கழித்து அதே கிளையில் பச்சைக் காயும், மஞ்சளும், சிவப்புப் பழமும் சேர்ந்தே நிற்கின்றன. எனவே அராபிகா தோட்டத்தில் பறிப்பு பல சுற்றாக நடக்கிறது. முதற் சுற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுத்ததை மட்டும் எடுக்கிறார்கள். பிறகு பெரும் பறிப்பு. கடைசியில், மிஞ்சியதை எல்லாம் உருவி எடுத்து, தரையில் உதிர்ந்ததையும் பொறுக்குகிறார்கள். இந்தக் கடைசி உருவல் அவசியமானது. செடியில் விட்ட பழத்தில்தான் காய்துளைப்பான் வண்டு குடியிருந்து அடுத்த வருஷத்து விளைச்சலைத் தாக்கும்.

பச்சைக் காய் கலந்தால் என்ன கெடுகிறது? பழுத்த பழத்தை இரு விரலால் அழுத்தினால் கொட்டை வழுக்கி வெளியே வரும். பல்பர் இயந்திரமும் அதைத்தான் செய்கிறது. பச்சைக் காயோ தோலை விடாது. இயந்திரத்தில் நசுங்கும், கொட்டை வெட்டுப்படும். அதைக் காயவைத்து வறுத்தாலும் மற்ற கொட்டைகளின் நிறம் வராது, வெளிறியே நிற்கும், குடித்தால் துவர்க்கும். செடியிலேயே அதிகம் பழுத்துப் புளித்தது இன்னும் மோசம். நாற்றம் பிடித்த சில கொட்டைகள் போதும், ஒரு மூட்டையையே கெடுத்துவிடும். போதாததற்கு, இளம் கிளையை முரட்டுத்தனமாக உருவினால் இலையும் மொட்டும் சேர்ந்து போகின்றன. அடுத்த வருஷத்து மகசூல் குறைகிறது.

ஆகவே நல்ல விலை வேண்டும் என்கிற முதலாளி "சிவப்பை மட்டும் பறி" என்கிறார். நியாயமான பேச்சுதான். ஆனால் பார்த்துப் பறிக்க நேரம் வேண்டுமே! அந்த நேரத்துக்குக் கூலி கொடுப்பது யார்?

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் கூலி 450 ரூபாய் என்றும், கிலோவுக்கு 6 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பெரும் பறிப்பில் ஒரு பெண் தொழிலாளி 75 கிலோ பறித்தால் 450 ரூபாய் கிடைக்கிறது, சரி. கடைசி உருவலில் 100 கிலோ சேர்ந்தால் 600 ரூபாய். முதற் சுற்றிலோ செடிக்குச் செடி நடந்து, தேடித் தேடி எடுத்தாலும் கூடையில் விழுவது 25 கிலோதான். கூலி 150 ரூபாய்! உழைத்த நேரம் அதே எட்டு மணி. கவனம் அதிகம், கூலி மூன்றில் ஒரு பங்கு.

அந்தத் தாய் என்ன செய்வாள்? பச்சையையும் சேர்த்து உருவுவாள். மேஸ்திரி திட்டுவார், எடையில் பிடித்தம் செய்வார். அல்லது சாயங்காலம் படுதாவில் கொட்டிப் பச்சையைப் பிரிக்கச் சொல்வார். பிரிக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்கும் கூலி கிடையாது! ஆலைத் தொழிலாளிக்கு இது புதிய கதை அல்ல. மட்டமான நூலைக் கொடுத்து, இழை அறுந்துகொண்டே இருந்தால், கஜக் கணக்கில் கூலி வாங்கும் தறிக்காரரின் வருமானம்தான் குறைகிறது. குற்றம் நூலில், தண்டனை தொழிலாளிக்கு.

முதலாளியின் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ காப்பிக் கொட்டைக்குச் சுமார் ஆறு கிலோ பழம் தேவை. நமது உதாரணத்தில் முதற் சுற்றுக்கு முழு நாள் கூலி கொடுத்தால், ஒரு கிலோ பழத்தின் பறிப்புச் செலவு 18 ரூபாய். கொட்டைக் கணக்கில் 108 ரூபாய். பெரும் பறிப்பில் அது 36 ரூபாய். வித்தியாசம் 72 ரூபாய், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சுற்றில் வருவது மொத்த விளைச்சலில் ஒரு சிறு பங்குதான். அது பத்தில் ஒன்று என்றால், தோட்டம் முழுமைக்கும் சராசரியில் கிலோவுக்கு ஏழு ரூபாய்தான் கூடும். தோல் நீக்கிக் கழுவிய நல்ல சரக்கு அந்த ஏழு ரூபாய்க்கு மேல் விலை கொண்டுவருகிறதா? கொண்டுவந்தால் செலவை விலை தாங்கும். கொண்டுவராவிட்டால் அந்தச் சுற்றே வேண்டாம். தொழிலாளியின் வயிற்றிலிருந்து அதை எடுப்பது மட்டும் கூடாது.

"பிரேசிலில் உருவித்தானே பறிக்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். உண்மை. அங்கே நீண்ட வறட்சிக்குப் பின் மழை வருவதால் பூப்பு பெரும்பாலும் நெருங்கி வருகிறது. பழமும் அப்படியே பழுக்கிறது. நிலத்தில் துணி விரித்து உருவுகிறார்கள்; சமவெளித் தோட்டங்களில் இயந்திரமே உருவுகிறது. பழத்தை அப்படியே வெயிலில் காயவைப்பது அங்கே பழைய வழக்கம். நமது காப்பியோ மரநிழலில், மலைச் சரிவில் நிற்கிறது. அந்த இயந்திரம் இங்கே ஏறாது. நம் நாட்டிலும் ரோபஸ்டா பழம் பழுத்த பின்னும் எளிதில் உதிராமல் கிளையில் நிற்கும். அதைக் காத்திருந்து ஒன்றிரண்டு சுற்றில் உருவினால் பெரிய நஷ்டம் இல்லை. ஆகவே எந்த முறை என்பதைச் செடியும் மழையும் நிலமும் தீர்மானிக்கட்டும். கூலியை உழைப்பு தீர்மானிக்க வேண்டும்.

எனவே பறிப்புக்குப் போகும் தோழர்கள், வேலைக்கு இறங்குவதற்கு முன்பே நான்கு விஷயங்களைப் பேசி முடிக்க வேண்டும். முதற் சுற்றுக்கு நாள் கூலி. கிலோக் கூலி வேண்டாம். பெரும் பறிப்புக்குக் கிலோக் கூலி என்றால், சாதாரணத் தொழிலாளி ஒரு நாளில் பறிக்கும் அளவு நாள் கூலிக்குக் குறையாதபடி விகிதம். பச்சை பிரிக்கும் நேரமும் வேலை நேரமே. எடை தொழிலாளியின் கண் முன்னால், பிடித்தம் இல்லாமல்.

இவை சலுகைகள் அல்ல. துண்டுக் கூலிக்கு வேலை செய்வோருக்கும் நேரக் கணக்கில் ஓர் உத்தரவாதக் கூலி நிர்ணயிக்க 1948-ம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே வழி வகுத்தது. தனியாகக் கேட்கும் தொழிலாளியிடம் "இஷ்டமிருந்தால் பறி, இல்லாவிட்டால் போ" என்பார்கள். பழமோ செடியில் காத்திருக்காது. பத்து நாள் தாமதித்தால் உதிரும், புளிக்கும். ஒரு தோட்டத்துத் தொழிலாளர் அனைவரும் பறிப்பின் முதல் நாளன்றே சேர்ந்து கேட்டால், அவசரம் முதலாளிக்குத்தான்!